பெயர் முன்னால், இணைப்பு பின்னால்

கணினித் திரையில் பாட்டில் லேபிள் ஒரு நீளமான செவ்வகம். நடுவில் பெயர், ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் முகவரி என எல்லாமே ஒரே பார்வையில் கிடைத்துவிடும். அதே லேபிள் அச்சாகி வந்து பாட்டிலைச் சுற்றிக்கொண்டதும் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வளைவுக்குள் ஒளிந்துகொள்கின்றன. திரையில் கச்சிதமாகப் பொருந்திய இரு முனைகளும் பாட்டிலின் பின்புறத்தில் ஏணி மாணியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. செவ்வகமாக நினைத்து வரைந்ததுதான் இதற்குக் காரணம். உருளையில் ஒட்டப்போகும் தாளுக்கு முகம் எது, முதுகு எது என்பதை வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைப் புட்டியிலடைத்து விற்கும் ஒரு சிறு தயாரிப்பாளரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவர் வாங்கியிருப்பது 1 லிட்டர் கொள்ளளவுள்ள, உருண்டையான பெட் பாட்டில். அதன் விட்டம் 80 மில்லிமீட்டர். கழுத்துச் சரிவுக்கும் அடிப்பகுதி வளைவுக்கும் நடுவே நேராக நிற்கும் பகுதியின் உயரம் 106 மில்லிமீட்டர். லேபிள் ஒட்ட அவருக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

அளவெடுப்பது எப்படி?

விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். 80 மி.மீ. விட்டத்துக்கு அது சுமார் 251 மி.மீ. ஆனால் பாட்டில் விற்பவர் சொன்ன விட்டத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போடுவது நல்லதல்ல. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலே சுற்றளவில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடிவிடும். எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மெல்லிய காகிதப் பட்டையைப் பாட்டிலைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் குண்டூசியால் குத்த வேண்டும். பட்டையைப் பிரித்து, இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் அதுதான் உண்மையான சுற்றளவு. லேபிள் வரப்போகும் இடத்தின் மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என மூன்று உயரங்களில் இப்படி அளக்க வேண்டும். ஒரே பாட்டிலோடு நிறுத்தாமல், வெவ்வேறு மூட்டைகளிலிருந்து சில பாட்டில்களை எடுத்து அளப்பது இன்னும் நல்லது. மூன்று உயரங்களிலும் ஒரே அளவு வந்தால் பாட்டில் உண்மையான உருளை. வராவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உயரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். நேர்ப்பகுதி 106 மி.மீ. இருந்தால் லேபிளை 100 மி.மீ.யில் நிறுத்தி, மேலும் கீழும் 3 மி.மீ. இடைவெளி விடலாம். லேபிளின் விளிம்பு தோள்பட்டை வளைவின்மீது ஒரு மயிரிழை ஏறினாலும் அந்த இடத்தில் சுருக்கம் விழும். ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பில்தான் தாள் படியும். இரண்டு திசைகளில் வளையும் பரப்பில் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அது மடிந்துதான் போகும்.

கண்ணுக்கு எட்டும் முகம்

இப்போது முகத்துக்கு வருவோம். ஒரு பாட்டிலை நேராகப் பார்ப்பவருக்கு அதன் பாதிச் சுற்று தெரிகிறது என்று தோன்றும். தெரிவது என்னவோ ஏறக்குறைய பாதிதான், ஆனால் அதில் படிக்க முடிவது அதைவிடக் குறைவு. நடுவிலிருந்து விலக விலக எழுத்துகள் பக்கவாட்டில் ஒடுங்கிக்கொண்டே போகின்றன. நடுக்கோட்டிலிருந்து 30 பாகை தள்ளியுள்ள எழுத்து, தன் அகலத்தில் ஏறக்குறைய 87 சதவீதமாகத் தெரியும். 45 பாகையில் அது 71 சதவீதம். 60 பாகையில் சரிபாதி. அதற்கு அப்பால் எழுத்து வெறும் கோடாகிவிடும்.

ஆகவே நடுக்கோட்டின் இருபுறமும் 60 பாகை, அதாவது மொத்தச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, முகப்பின் வெளி எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நம் பாட்டிலில் அது 84 மி.மீ. முக்கியமான எழுத்துகள் அதற்கும் உள்ளே, நடுவில் உள்ள கால் சுற்றுக்குள், சுமார் 63 மி.மீ.க்குள் அடங்கிவிட்டால் எந்த எழுத்தும் மிக ஒடுங்காது. மீதி இடம் பின்னணி நிறத்துக்கும் ஓரச் சித்திரங்களுக்கும் உரியது.

தமிழில் பெயர்கள் நீளமானவை என்பதால் இந்தக் கணக்கு இங்கே கூடுதலாக உதவுகிறது. 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்று ஒரே வரியில் பெரிதாகப் போட்டு அது 110 மி.மீ. நீளத்துக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 மி.மீ. விட்டமுள்ள பாட்டிலில் அந்த வரி ஏறக்குறைய 158 பாகையைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு ஓரத்து எழுத்துகளும் தம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்காகத்தான் தெரியும். கடைக்கு வருபவர் படிப்பது 'ரச்செக்கு நல்லெண்ணெ' என்ற அளவில் நின்றுவிடலாம். அதே பெயரை 'மரச்செக்கு' என்று மேலேயும் 'நல்லெண்ணெய்' என்று கீழேயும் இரண்டு வரியாகப் பிரித்து, நீளமான வரியை 60 மி.மீ.யில் அடக்கினால் ஓரத்து எழுத்தும் முக்கால் பங்கு அகலத்தோடு நிற்கும். எழுத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டியதும் இல்லை.

சட்டமும் முகப்பை இப்படித்தான் பார்க்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான இந்திய விதிகள், உருளை வடிவப் பாட்டில்களுக்கு முதன்மைக் காட்சிப் பரப்பைக் கணக்கிடும்போது உயரத்தையும் சராசரிச் சுற்றளவையும் பெருக்கி அதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. சுற்றில் வைத்துப் பார்த்தால் அது 72 பாகைக்குச் சமம். அமெரிக்க உணவு விதிகள் அதே பெருக்கத்தில் 40 சதவீதத்தை எடுக்கின்றன. அது 144 பாகை. இந்தச் சதவீதங்கள் பரப்பளவைக் கணக்கிடுவதற்கானவை. ஆனாலும் ஒரு பாட்டிலின் முகம் அதன் முழுச் சுற்று அல்ல என்பதை இரண்டு நாட்டு விதிகளும் ஒப்புக்கொள்கின்றன. உணவின் பெயர், நிகர அளவு, சைவ உணவைக் காட்டும் பச்சைக் குறி ஆகியவை இந்த முகப்பில் இடம்பெற வேண்டும். நல்லெண்ணெய்த் தயாரிப்பாளரின் 84 மி.மீ.யில் இவை மூன்றும், கூடவே அவருடைய வணிகப் பெயரும் போதும். எள் படம் வேண்டுமென்றால் சின்னதாக ஒன்று. இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் பெயர்தான் சிறுக்கும்.

பக்கங்களில் என்ன வைப்பது?

251 மி.மீ.யில் முகப்புக்கு 84 போக, இரண்டு பக்கமும் தலா 83 மி.மீ. மிச்சம் இருக்கிறது. இங்கேதான் ஊட்டச்சத்து அட்டவணை, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், வாடிக்கையாளர் தொடர்பு எண், பார்கோடு எல்லாம் வர வேண்டும்.

இடம் இருக்கிறதே என்று 80 மி.மீ. நீளத்துக்கு வரிகளை ஓடவிட்டால், படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் பாட்டிலை வலமும் இடமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகச் சுமார் 38 மி.மீ. அகலத்தில் இரண்டு குறுகிய பத்திகளாகப் பிரித்தால், பாட்டிலை ஒரு முறை திருப்பி வைத்துக்கொண்டு ஒரு பத்தியை மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம். ஊட்டச்சத்து அட்டவணையும் இப்படி நெடுக்குவாட்டில் நின்றால்தான் நல்லது.

பார்கோடும் வளைவுக்குக் கட்டுப்பட்டதே. வழக்கமான 13 இலக்கப் பார்கோட்டின் கோடுகள் முழு அளவில் சுமார் 31 மி.மீ. அகலம் பிடிக்கும். நடுவிலிருந்து ஓரக்கோடு வரை 30 பாகைக்கு மேல் வளைந்தால் ஸ்கேனருக்கு ஓரக்கோடுகள் நெருங்கித் தெரியும். 80 மி.மீ. பாட்டிலில் இந்தக் கோணம் சுமார் 22 பாகை, ஆகையால் கவலையில்லை. 60 மி.மீ. பாட்டிலில் சரியாக எல்லையில் நிற்கும். 50 மி.மீ. பாட்டிலில் 36 பாகையாகிவிடும். அப்போது பார்கோட்டை 90 பாகை திருப்பி, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படிபோல் அடுக்கியிருக்கும்படி வைக்க வேண்டும். அந்த நிலையில் ஸ்கேனரின் கதிர் பாட்டிலின் உயரத்தோடு ஓடும். அந்தத் திசையில் வளைவே கிடையாது.

இணைப்பு வரும் இடம்

லேபிளின் இரு முனைகளும் சந்திக்கும் இடம் முகப்புக்கு நேர் எதிரே, முதுகின் நடுவில் வர வேண்டும். அலமாரியில் நிற்கும்போது அது யார் கண்ணிலும் படாது. கையில் எடுப்பவர் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர்பான பாட்டில்களைக் கவனித்தால், பெயர் இரண்டு முறை, எதிரும் புதிருமாக அச்சாகியிருப்பது தெரியும். கடைக்காரர் எந்தப் பக்கமாக அடுக்கினாலும் பெயர் முன்னால் நிற்பதற்கான ஏற்பாடு அது. அப்படி இரண்டு முகம் வைத்தால் இணைப்பைப் பின்னால் வைக்க முடியாது, அங்கே இன்னொரு முகம் இருக்கிறதே. இரண்டு முகங்களுக்கும் நடுவில் உள்ள விலாப்பக்கத்தில், சிறு எழுத்துத் தகவல்களை ஒட்டி அது போகும்.

முனைகள் சந்திக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓவர்லாப். சுற்றளவைவிட லேபிள் 6 மி.மீ. நீளமாக இருக்கும், பாட்டிலில் முதலில் ஒட்டிய முனையின்மேல் கடைசி முனை ஏறி உட்காரும். நம் பாட்டிலுக்கு லேபிள் நீளம் 257 மி.மீ. மறைந்துபோகும் அந்த 6 மி.மீ.யில் எழுத்தோ படமோ இருக்கக்கூடாது. வழுக்கும் வார்னிஷும் அங்கே வேண்டாம், மேலே ஏறும் முனையின் பசை பிடிக்க அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் பின்னணி நிறத்தை மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. அந்தப் பகுதிக்குள் நீட்டிவிட வேண்டும். சற்றுப் பருத்த பாட்டில் வந்து ஓவர்லாப் குறைந்தால், வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்காமல் இருக்க இது உதவும்.

இன்னொரு வழி, முனைகளைச் சந்திக்கவே விடாமல் இடைவெளி விடுவது. எண்ணெய்க்கு இது பயனுள்ள ஏற்பாடு. லேபிளை 241 மி.மீ.யில் நிறுத்தினால் முதுகில் 10 மி.மீ. அகலத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு திறப்பு கிடைக்கும். அதன் வழியே எண்ணெயின் நிறமும், பாட்டிலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதும் தெரியும். பாட்டில்களின் சுற்றளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் இடைவெளி சற்றே விரியும் அல்லது ஒடுங்கும், அவ்வளவுதான். கையால் ஒட்டுபவர்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி.

ஓவர்லாப் வைத்தால் இணைப்பைக் கடந்து செல்லும் வடிவங்களில் எச்சரிக்கை தேவை. லேபிளின் மேலும் கீழும் ஒரு மெல்லிய தங்கக் கோடு சுற்றி வருவதாக வரைந்தால், முனைகள் அரை மில்லிமீட்டர் விலகினாலே கோடு படிபோல் முறிந்து தெரியும். கோலம், கட்டம், சாய்வுப் பட்டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இணைப்பின் இருபுறமும் சுமார் 10 மி.மீ.க்கு ஒரே நிறத்தை மட்டும் விட்டுவிட்டால், சிறு விலகல் யாருக்கும் தெரியாது. தொகுதி எண்ணும் தேதியும் பின்னர் அச்சிடப்படும் கட்டத்தையும் அந்த இடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தேதியின் பாதி ஒரு முனையிலும் மீதி இன்னொரு முனையிலும் விழும்.

முனைகள் ஏன் பொருந்தவில்லை?

ஒட்டி முடித்த பிறகு முனைகள் உயரத்தில் விலகி நின்றால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, லேபிள் கோணலாகத் தொடங்கியது. ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால்கூட 251 மி.மீ. சுற்றி வரும்போது 4 மி.மீ.க்கு மேல் விலகிவிடும். இந்தக் குற்றத்தில் லேபிளின் விளிம்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான சாய்வில் போகும். முகப்பில் பெயரும் சாய்ந்தே தெரியும். பாட்டிலைப் படுக்கவைத்து உருட்ட ஒரு மரத் தொட்டில் செய்து, அடியில் ஒரு தடுப்புக் கட்டை வைத்து, லேபிளின் விளிம்பை அதனோடு இணையாக வைத்து ஒட்டினால் இது சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் பாட்டில் மேல்நோக்கிச் சிறுத்திருப்பது. கண்ணால் பார்த்தால் நேராகத் தெரியும் பாட்டில், அளந்தால் கீழே 80 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. மேலே 76 மி.மீ. விட்டமும் காட்டலாம். நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பரப்பைப் பிரித்து விரித்தால் அது செவ்வகமாக இருக்காது, 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து வெட்டிய வில்லாக இருக்கும். நேரான லேபிளை ஒரு முனையில் செங்குத்தாகத் தொடங்கி ஒட்டிக்கொண்டே போனால், மறுமுனை தொடங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 16 மி.மீ. கீழே வந்து நிற்கும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே 4 மி.மீ. விலகல் வந்துவிடும்.

இந்தக் குற்றத்தை அடையாளம் காண்பது எளிது. தொடக்கத்தில் நேராக இருக்கும் விளிம்பு, போகப் போக அதிகமாகச் சரியும். முகப்பின் நடுவிலிருந்து இருபுறமும் ஒட்டினால் முனைகள் உயரத்தில் பொருந்திவிடும். ஆனால் முதுகில் இரண்டும் சேர்ந்து கீழ்நோக்கிய கூர்மையாக நிற்கும். தொட்டில் செய்தோ கையைப் பழக்கியோ இதைத் தீர்க்க முடியாது. வில் வடிவில் லேபிளை வரைந்து, அதே வடிவில் டை செய்ய வேண்டும், அல்லது பாட்டிலை மாற்ற வேண்டும். சிறிய உற்பத்திக்கு மூன்றாவது வழியும் உண்டு. சுற்றி ஒட்டும் லேபிளையே விட்டுவிட்டு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சிறிய லேபிள்களை ஒட்டலாம். லேபிள் குறுகக் குறுக விலகல் அதைவிட வேகமாகக் குறைகிறது, நீளம் பாதியானால் விலகல் கால் பங்காகிவிடும்.

மூன்றாவது கோளாறு உடனே தெரியாது. ஒட்டிய அன்று படிந்திருந்த முனை மறுநாள் கொடிபோல் தூக்கிக்கொள்ளும். லேபிள் விறைப்பாக இருந்தால் நிமிரப் பார்க்கும், பாட்டிலின் விட்டம் சிறுக்கச் சிறுக்க அந்த வேகம் கூடும். எண்ணெய்த் தொழிலில் இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. நிரப்பும்போது வழிந்து பாட்டிலில் படியும் எண்ணெய்ப் பூச்சு பசையைப் பிடிக்கவிடாது. அதனால் பலர் வெறும் பாட்டிலிலேயே லேபிளை ஒட்டிவிட நினைப்பார்கள். வெறும் பெட் பாட்டில் கையழுத்தத்தில் குழிந்துகொள்ளும், குழிந்த இடத்தில் சுருக்கம் விழும். மூடியைத் திருகிவிட்டு ஒட்டினால் உள்ளே அடைபட்ட காற்று சுவரைத் தாங்கிக்கொள்ளும். நிரப்பிய பிறகுதான் ஒட்ட முடியும் என்றால், ஒட்டும் பகுதியை உலர்ந்த சுத்தமான துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டே ஒட்ட வேண்டும். காகிதத்தில் எண்ணெய்க் கறை ஊறும் என்பதால் இந்தப் பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் ஃபிலிம் லேபிளே ஏற்றது, அதிலும் மெல்லியதாக இருந்தால் வளைவில் நன்றாகப் படியும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

டை செய்வதற்கும் பிளேட் போடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வடிவமைப்பை உண்மையான அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, நிரப்பிய பாட்டிலில் சுற்றி ஒட்டி, கடையில் வாடிக்கையாளர் நிற்கும் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயர் முழுதாகப் படிக்க முடிகிறதா, பச்சைக் குறியும் நிகர அளவும் பாட்டிலைத் திருப்பாமலே தெரிகின்றனவா, முனைகள் பொருந்துகின்றனவா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தாளின் சரிபாதியை முகப்பின் நடுவாக வைத்திருந்தால், 6 மி.மீ. ஓவர்லாப் காரணமாக இணைப்பு முதுகின் நடுவிலிருந்து 3 மி.மீ. தள்ளி விழும். முழுக்க உருண்ட பாட்டிலில் இது பொருட்டே இல்லை. கைப்பிடியோ தோளில் புடைப்புச் சின்னமோ உள்ள பாட்டிலில் முகப்பு அதற்கு நேராக நிற்க வேண்டும் என்பதால், அந்த 3 மி.மீ.யைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு உண்மையான ஃபிலிமில் சில மாதிரி லேபிள்களை வாங்கி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அறையிலும், கொஞ்ச நேரம் வெயிலிலும் வைத்து, முனை தூக்குகிறதா என்று பார்க்கலாம்.

1 லிட்டர் பாட்டில் நன்றாக வந்துவிட்டதும் அடுத்து 200 மில்லி பாட்டிலுக்கு அதே படத்தைச் சுருக்கிப் போடும் ஆசை வரும். 50 மி.மீ. விட்டமுள்ள அந்தப் பாட்டிலின் சுற்றளவு 157 மி.மீ., முகப்பு வெறும் 52 மி.மீ. படத்தை அந்த விகிதத்தில் சுருக்கினால் பெரிய பாட்டிலில் 1.6 மி.மீ. உயரத்தில் இருந்த எழுத்து 1 மி.மீ.யாகிவிடும். சிறிய பாட்டிலுக்கு வடிவமைப்பைப் புதிதாகத்தான் வரைய வேண்டும். முகப்பில் வணிகப் பெயர், எண்ணெயின் பெயர், நிகர அளவு, பச்சைக் குறி நான்கும் நிற்க, எள் படம் போகும். பக்கத்துக்கு இரண்டாக இருந்த பத்திகள் ஒவ்வொன்றாகும். பார்கோடு ஏணிப்படியாகத் திரும்பும். இணைப்பின் ஓரத்தில் விட்ட வெறுமையை மட்டும் குறைக்கக்கூடாது. சிறிய விட்டத்தில்தான் முனை அதிகம் தூக்கும், அங்கே பசைக்கு முழு இடமும் தேவைப்படும்.